ஒரே வரியில் நான்கு தம்பிகள்

கடலூர் முதுநகரில் அபுல் ஹசன் நடத்திய அமீன் பிரஸ்ஸில் நான் டிரெடில் ஓட்டினேன். காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம். என் பெயர் தேவநாதன். நான் எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, அங்கே எழுத்துக் கோத்த சவரியம்மாளைப் பற்றி. அவள் உயிரோடு இருந்தபோது அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், "வேலையப் பாரு தேவநாதா" என்பாள். இப்போது தடுக்க ஆளில்லை.

கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்தவள். தாய் தகப்பன் யாரென்று தெரியாது. மடத்தில் சின்னதாக ஒரு அச்சுக்கூடம் இருந்தது; அங்கேதான் ஈய எழுத்தைப் பொறுக்கி ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்கக் கற்றாள். பிறகு சிதம்பரத்தில் ஒரு அச்சகம். அண்ணாமலை நகர் மாணவர் விடுதிகளுக்கு நோட்டீஸ் அடித்துப் பிழைத்த இடம். அது மூடப்பட்டதும் எங்களிடம் வந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். குள்ளமான உருவம், கனமான கண்ணாடி, எப்போதும் கரிபடிந்த பெருவிரல். பேச்சு குறைவு. கோபம் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

கையெழுத்துப் பிரதி எப்படி வந்தாலும் அதை வாக்கியமாக்குவது அவள் வேலை. எங்கள் ஊர் சனங்களுக்கு எதையும் வாக்கியமாக எழுதத் தெரியாது. மளிகைச் சீட்டு மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு வருவார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையோ சின்னது. மேலே பிள்ளையார் படம் வேறு பாதியைத் தின்றுவிடும். ஆளுக்கு ஒரு வரி கொடுத்தால் முகூர்த்த நேரத்தை அட்டைக்குப் பின்னால்தான் அடிக்க வேண்டும். அதனால் ஏணி மாதிரி நிற்பதைப் படுக்க வைத்தாக வேண்டும்.

பார்க்க ஒன்றுமில்லாத வேலை. நானும் ஒருமுறை, "நடுவுல கமாவப் போட்டுக்கிட்டே போனா முடிஞ்சுது, இதுக்கு எதுக்குக்கா இவ்வளவு யோசன?" என்று கேட்டேன். அன்று ஒரு ஓட்டல்காரரின் நோட்டீஸ் வந்திருந்தது. சுடச்சுட இட்லி, சுடச்சுட தோசை, சுடச்சுட பொங்கல், சுடச்சுட காபி என்று வரிக்கு வரி எழுதியிருந்தார். அதை என்னிடமே தள்ளினாள். நான் கமாவைப் போட்டுச் சேர்த்தேன். படித்துப் பார்த்தால் தெருவில் கூவி விற்பவன் குரல்தான் கேட்டது.

அவள் நான்கு 'சுடச்சுட'வையும் பென்சிலால் அடித்துவிட்டாள். ஒன்றை மட்டும் எடுத்துக் கடைசியில் வைத்தாள். 'இட்லி, தோசை, பொங்கல், காபி ஆகியவை சுடச்சுடக் கிடைக்கும்.' எல்லா வரியிலும் திரும்பத் திரும்ப வருவதை வெளியே எடுத்து ஒரு தடவை சொன்னால் போதும். மிச்சமிருப்பதை மட்டும் கமாவால் பிரிக்க வேண்டும். கடைசிப் பெயருக்குப் பிறகு கமா கிடையாது. அங்கே 'ஆகியவை' வந்து கதவைச் சாத்திவிடும். ஆட்களாக இருந்தால் 'ஆகியோர்'. இரண்டே இரண்டு என்றால் கமாவே வேண்டாம், 'இட்லியும் தோசையும்' போதும்.

ஊர்ப் பெயரோடு வரும் ஆட்கள்தான் வம்பு. 'பாலு, நெல்லிக்குப்பம்' என்று தனி வரியில் இருக்கும்போது அது ஒரு ஆள். அப்படியே சேர்த்துவிட்டால் நெல்லிக்குப்பமும் ஒரு மாமாவாக மாறிக் கல்யாணத்துக்கு அழைக்க வந்துவிடும். சவரியம்மாள் ஊரை முன்னால் தள்ளி 'நெல்லிக்குப்பம் பாலு' என்று ஆக்கிவிடுவாள். 'மற்றும்' என்ற சொல்லை ஆட்களுக்கு நடுவில் போடவே மாட்டாள். "மற்றும்னு போட்டா அதுக்கப்புறம் வர்றவன் பேரில்லாத கும்பலோட போயிடுவான்" என்பாள். பத்திரிகையில் 'மற்றும் உற்றார் உறவினர்' என்றுதானே வரும்? அது சரிதான் என்று எனக்கும் பட்டது.

தை மாதம் வந்தால் கமாவுக்குப் பஞ்சம் வந்துவிடும். எழுத்துப் பெட்டியில் அந்த அறை காலியாகிவிடும். அச்சாகி முடிந்த பாரங்களை, அதாவது கயிறு கட்டிய எழுத்துப் பக்கங்களை அவிழ்த்து, அதிலிருக்கும் கமாக்களைப் பொறுக்கி எடுத்து அடுத்த வீட்டுப் பத்திரிகையில் வைப்பாள். ஒரு வீட்டுச் சித்தப்பாக்களைப் பிரித்த கமா மறுநாள் இன்னொரு வீட்டு அத்தைகளைப் பிரிக்கும்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. பெயர்ப் பட்டியல் கையில் வந்ததும், "இதுல யாரு மூத்தவங்க, யாரு அடுத்தவங்க?" என்று கேட்பாள். கேட்காமல் கோக்கவே மாட்டாள். ஏணியாக நிற்கும் பட்டியலில் யார் மேலே யார் கீழே என்று நினைவுக்கு வந்தபடி எழுதியிருப்பார்கள், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அச்சில் ஒரே வரியாக வந்துவிட்டால், "சின்னவன் பேரு எனக்கு முன்னாலயா?" என்று பந்தலில் சண்டை வந்துவிடும். அப்படி ஒரு சண்டையில் எங்கள் முதலாளியை ஒருவர் குடையால் அடிக்க வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அறுபத்து மூன்றாம் வருஷத் தை மாதக் கல்யாணங்களுக்கு வேலை நெருக்கிய நேரம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பட்டம்மாள் என்ற அம்மா வந்தார். மகள் மலர்க்கொடிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அண்ணாமலை நகரில் குமாஸ்தா வேலை, முகூர்த்தம் சிதம்பரத்தில். புருஷன் ராஜமாணிக்கம் கரும்பு வெட்டு நடப்பதால் வர முடியவில்லையாம், தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தத் தாளை நானும் பார்த்தேன். நாள், நேரம், இடம் எல்லாம் எழுதி, கீழே இப்படி இருந்தது: தம்பி தட்சிணாமூர்த்தி. அதன் கீழ் தம்பி வைத்திலிங்கம். அதன் கீழ் தம்பி கனகசபை. பிறகு குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, தம்பி உத்திராபதி, கம்மாபுரம்.

எங்களிடம் வரும் தாள்களில் கோடு இல்லாத தாளே கிடையாது. பேனா எழுதுகிறதா என்று பார்க்க ஒரு கோடு, பக்கம் முடிந்தது என்று ஒரு கோடு, சும்மா ஒரு கோடு. சவரியம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"நாலு பேரும் கூடப் பொறந்தவங்களாம்மா?"

"ஆமா, எங்க வூட்டுக்காரருக்குத் தம்பிங்க. இவரு பெரியவரு."

"வயசுப்படி சொல்லுங்க."

பட்டம்மாள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு சொன்னார்: "தட்சிணாமூர்த்தி, கனகசபை, உத்திராபதி, கடைசி வைத்திலிங்கம்."

அவ்வளவுதான் பேச்சு. சவரியம்மாள் நான்கு 'தம்பி'களையும் எடுத்து ஒன்றாக்கினாள், கூடப்பிறந்தவருக்கு ஊர் எதற்கு என்று கம்மாபுரத்தை எடுத்தாள், பெயர்களை வயது வரிசையில் கோத்தாள். 'என் தம்பிகள் தட்சிணாமூர்த்தி, கனகசபை, உத்திராபதி, வைத்திலிங்கம் ஆகியோருடன் தங்கள் வரவை எதிர்பார்க்கும் ராஜமாணிக்கம்.' பார்க்க லட்சணமாக இருந்தது.

புரூஃப் பார்க்க ராஜமாணிக்கமே வந்தார். ஆறடி ஆள், வேட்டியில் கரும்புச் சாற்றுக் கறை. மகள் பெயரைப் பார்த்தார், நாளைப் பார்த்தார், தன் பெயரைப் பார்த்தார். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் அப்படித்தான். ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தால் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். வாக்கியமாகிவிட்டால் முதல் பெயர் சரியாக இருந்தால் கண் தானாகக் கடைசிக்கு ஓடிவிடும். நடுவில் இருப்பவர்கள் சேர்ந்தாற்போல் தாண்டிப் போய்விடுவார்கள். மனுஷக் கண் அப்படி. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

அட்டைகளை அடித்துக் கட்டி அனுப்பினோம்.

இரண்டு நாளில் அந்தக் கட்டு திரும்பி வந்தது. ராஜமாணிக்கம் அதை முதலாளியின் மேஜையில் போட்ட சத்தத்தில் மைப் புட்டி உருண்டது.

"யாரைக் கேட்டு இவன் பேரைப் போட்டீங்க? எம் பொண்ணு மஞ்சள் தடவறதுக்கு எடுத்து எல்லாரு முன்னாலயும் படிக்குது, மூணாவதா இவன் பேரு வருது! கோடு போட்டுல்ல எழுதியிருந்தேன்? கோட்டுக்கு மேல இருக்கறவன் அழைக்கறவன், கீழ இருக்கறவனுக்கு ஊர் வாய்க்காக ஒரு பத்திரிக்க அனுப்பணும்னு எனக்காக எழுதி வெச்சது. பங்கு நெலத்த வெளியாளுக்கு வித்துட்டு நெய்வேலிச் சொரங்கத்துக்கு ஓடுனவன். வாங்குனவன் எங் கரும்புக்கு நடுவுல வேலியப் போட்டுட்டான். எங்கூடப் பேசி வருஷக்கணக்காச்சு. அவன் எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவங்களை வரவேக்கறவனா?"

அபுல் ஹசன் பாய் நல்ல மனுஷர்தான். ஆனால் வாடிக்கைக்காரர் குரலை உயர்த்தினால் பயந்துவிடுவார். தாளைத் தேடி எடுத்தார். கோடு இருந்தது.

"சவரியம்மா, இங்க வா. கோடு இருக்குதா இல்லியா?"

"இருக்குது மொதலாளி."

"அப்புறம் எப்படி உள்ள வந்துச்சு?"

"நாந்தான் சேத்தேன்."

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. வயது வரிசை சொன்னது அவருடைய சம்சாரம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நான் வாயைத் திறந்தேன். சவரியம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"ஒரு வாட்டி தப்பானா பரவால்ல. கல்யாண வூட்டுக் காரியத்துல இப்படிப் பண்ணா யாரு நம்மகிட்ட வருவாங்க?" என்றார் பாய். "இப்பவே அந்தப் பேர எடுத்துட்டு மறுபடி கட்டு. ஐயாவுக்கு வேற அட்டை அடிச்சுக் குடுத்துடறோம். நீ இந்த மாசம் முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்க."

ராஜமாணிக்கத்துக்கே அது கொஞ்சம் ஜாஸ்தியாகப் பட்டிருக்க வேண்டும். அவர் சுவரைப் பார்த்தார். ஆனாலும் புதுப் புரூஃபைப் பார்க்காமல் போவதில்லை என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதுநகரில் அன்றைக்கு வேறு அச்சகங்களும் இருந்தன. ஆனால் ஒரு பொம்பளையை எழுத்துக் கோக்க வைத்துக்கொள்ள ஒருவருக்கும் மனசில்லை. இங்கே வேலை போனால் அவள் கையை ஏந்திக்கொண்டு மடத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான் மஞ்சக்குப்பத்தில் தனக்கென்று ஒரு அறை வாடகைக்குப் பிடித்திருந்தாள். ஒரு மண் அடுப்பும் வாங்கியிருந்தாள். அந்த அடுப்பைப் பற்றி மட்டும் என்னிடம் இரண்டு தடவை பேசியிருக்கிறாள்.

கட்டி வைத்த பாரம் அப்படியே இருந்தது. கயிற்றை அவிழ்த்தாள். நான் மை உருளையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போய், "அந்தம்மாதானக்கா சொன்னாங்க, நீ எதுக்கு வாய மூடிக்கினு இருக்க?" என்றேன்.

"அவுங்க வயசுதான் சொன்னாங்க. அச்சடிக்கவா சொன்னாங்க?"

"வேணும்னுதான் சொல்லியிருப்பாங்க."

"இருக்கட்டும். இப்ப நான் அதைச் சொன்னா அந்தாளு வூட்டுல போயி யாரைப் புடிப்பாரு? கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணு அதையா பாக்கணும்? கோட்ட நான் கேட்டிருக்கணும். யாரு மூத்தவருன்னு கேட்டேன், கோடு எதுக்குன்னு கேக்கல. தப்பு எம்மேலதான்."

எனக்கு அவள் மேலும் கோபம், பாய் மேலும் கோபம். அந்த நேரத்தில் என்னிடம் யாராவது ஒரு குவளை தண்ணீர் கேட்டிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன்.

அந்தத் தாளில் இருந்தபடி ஏணியாகவே அடித்திருந்தால், ஒரு வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஈயப் பட்டையைச் செருகினால் வேலை முடிந்தது. வாக்கியத்தில் அப்படி முடியாது. நடுவில் ஒரு பெயரை உருவினால் பின்னால் வருகிற எல்லாம் முன்னால் நகர வேண்டும். வைத்திலிங்கம் மேல் வரிக்கு ஏற வேண்டும், 'ஆகியோருடன்' பாதியில் உடையாமல் பார்க்க வேண்டும், சொற்களுக்கு நடுவில் இடைவெளி பரப்பி வரியை இறுக்க வேண்டும். அவள் பொறுமையாக ஒவ்வொன்றாகச் செய்தாள். கண்ணாடியை மட்டும் இரண்டு மூன்று தடவை கழற்றித் துடைத்தாள்.

புதுப் புரூஃபை எடுத்துப் பாயிடம் கொடுத்தேன். அவர் அதை ராஜமாணிக்கத்திடம் நீட்டினார்.

"ஐயா, இந்த வாட்டி வாய்விட்டுப் படிங்க. ஒவ்வொரு பேரா. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

ராஜமாணிக்கம் எழுந்து வெளிச்சத்துக்குப் போனார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். மலர்க்கொடி வந்தாள், மாப்பிள்ளை வந்தார், சிதம்பரம் வந்தது. பிறகு அந்த வரி.

"என் தம்பிகள் தட்சிணாமூர்த்தி, கனகசபை, உத்திராபதி, வைத்திலிங்கம் ஆகியோருடன்..."

பாய் துள்ளி எழுந்தார். "என்ன, இன்னும் இருக்குதா? சவரியம்மா!"

புரூஃபைப் பிடுங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இல்லியே ஐயா. எடுத்தாச்சே. நீங்க படிச்சீங்களே?"

"நானா? நான் படிக்கலியே."

"படிச்சீங்க. நாங்க மூணு பேரும் கேட்டோம்."

ராஜமாணிக்கம் தாளை வாங்கி மறுபடி படித்தார். இந்த முறை மெதுவாக. 'கனகசபை' வரைக்கும் வந்தார். அங்கே ஒரு கமாதான் இருந்தது, அதை அடுத்து வைத்திலிங்கம். அவருடைய உதடு 'உ' என்று குவிந்துவிட்டது. நின்றுவிட்டார். பெரிய ஆள் அப்படி வாயைக் குவித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

"சோத்துக்குக் கூப்புடறது இப்படித்தான்" என்றார், யாரிடமென்றில்லாமல். "எங்கம்மா கொல்லப்பக்கம் நின்னுக்கினு ஒரே மூச்சுல கூப்புடும். ராஜமாணிக்கம், தட்சிணாமூர்த்தி, கனகசபை, உத்திராபதி, வைத்திலிங்கம்னு. நடுவுல நிறுத்தாது. ஒருத்தன் வரலேன்னா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கும். அஞ்சு பேரும் வந்து உக்காந்தாதான் எல போடும்." தாளை மடித்தார், பிரித்தார். "வாயி அப்படியே போயிடுச்சு."

சவரியம்மாள் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பாய்" என்றார் ராஜமாணிக்கம். "அந்தப் பழைய கட்டையே குடுங்க, நான் எடுத்துக்கறேன். அதுல என்ன கொறச்சல்?"

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப உத்திராபதி..."

"இருக்கட்டும். கோட்டுக்குக் கீழ எழுதினேனே, அதைத்தான் எடுத்துடணும். அவனுக்குப் பத்திரிக்க அனுப்ப வேணாம். வூட்டு ஆளுக்கு யாராவது தபால்ல பத்திரிக்க அனுப்புவாங்களா? பந்தக்கால் நடறதுக்கு நானே கம்மாபுரம் போயி அவன இட்டுக்கினு வரேன். வரமாட்டேன்னா அவன் வாசல்ல உக்காந்துக்கறேன்." கட்டைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார். "அந்த அம்மா வேற எடம் பாக்க வேணாம். எடம் பாக்கணும்னா எங்கூட்டுல இருக்கற கோட்டுக்கெல்லாம்தான் பாக்கணும்."

பாய் தலையைச் சொறிந்தார். "நான் கோவத்துல சொன்னது ஐயா. அவ இல்லேன்னா நான் கடைய மூட வேண்டியதுதான்." அதை அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க அவர் அவளைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் டீயோடு ஒரு பன்னும் வாங்கி வரச் சொல்லி அவள் பக்கம் வைத்தார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

ராஜமாணிக்கம் போனதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போவுது போ, மறுபடி அடிக்கற வேல மிச்சம். பாரத்த அவுத்துடலாமா?" என்றேன்.

"பொறு. இன்னும் கொஞ்சம் அட்டை கேட்டு வருவாரு. தம்பி பக்கத்து ஆளுங்களையும் அழைக்கணுமில்ல?" என்றாள். "பழையபடி கட்டி வெச்சுடறேன்."

எடுத்த எழுத்தை உடனே கலைத்து அதனதன் அறையில் போடுவது அச்சகத்து வழக்கம். போடாவிட்டால் தை மாதத்தில் அடுத்த வேலைக்கு எழுத்து கிடைக்காது. அதிலும் கமாவுக்கு எவ்வளவு பஞ்சம் என்று முன்பே சொன்னேன். மறுபடி பொறுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பெட்டிப் பக்கம் போகவில்லை. பாரம் கட்டும் கல்மேடையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த கிண்ணத்தை நிமிர்த்தினாள். அதன் அடியில் 'உத்திராபதி' அப்படியே நூல் சுற்றி முழுசாக இருந்தது. பின்னால் கமாவும் இருந்தது.

"கலைக்கலியாக்கா?"

"கலைச்சிட்டா மறுபடி சேக்கறது கஷ்டம்" என்றாள். பிறகு கனகசபையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணினாள்.